6 ஜிபி அப்டேட்டை போன் ஹொட்ஸ்பொட்டில் இறக்குவது எப்படி

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைப் பக்கமோ, தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனைப் பக்கமோ உள்ளே போகப் போக, வீட்டு இணையம் என்பது பெரும்பாலும் வீட்டில் ஒருவருடைய போன்தான். கல்வியியற் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன், டியூஷன் நடத்தும் ஆசிரியர் எல்லாருமே லெப்டொப்பை அந்தப் போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் இணைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் பெரிய அப்டேட் என்றாலே ஒரு பயம் வந்துவிடுகிறது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. வின்டோஸ் 11க்கு மாற வேண்டுமென்றால் பல ஜிபி இறக்க வேண்டும். மாத பெக்கேஜ் அதிலேயே கரைந்துவிடும் என்று பலர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பயம் நியாயமானது, ஆனால் தவறான இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அப்டேட்டின் அளவு நமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த செலவுக்குத் திட்டம் போடலாம். டேட்டாவைத் தின்பவை வேறு இரண்டு. ஒன்று, அப்டேட் இறங்கும் நேரத்தில் லெப்டொப்பில் கூடவே இறங்கும் மற்றவை. மற்றது, பாதியில் அறுந்து முதலிலிருந்து மறுபடி இறங்குவது. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்தும் சாதாரண பெக்கேஜில் இந்த வேலையை முடிக்கலாம்.

முதலில் எந்த டேட்டா என்று பார்க்க வேண்டும். பெக்கேஜில் எழுதியிருக்கும் மொத்த ஜிபியைப் பார்த்து ஏமாறுவது சுலபம். யூடியூப்புக்கு இவ்வளவு, வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும் இவ்வளவு, எதற்கும் பாவிக்கக்கூடியது இவ்வளவு என்று அது பிரிந்திருக்கும். வின்டோஸ் கோப்பு மைக்ரோசொஃப்டின் சேவையகத்திலிருந்து வருவதால் கடைசியாகச் சொன்ன பொதுப் பங்கிலிருந்து மட்டுமே கழியும். பெக்கேஜ் 40 ஜிபி என்று இருந்தாலும் பொதுப் பங்கு 10 ஜிபிதான் என்றால் உங்கள் உச்சவரம்பு 10தான். சில பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரைக்கும் தனி இரவு டேட்டா உண்டு. பகலில் யாரும் தொடமுடியாத அந்தப் பங்கு இந்த வேலைக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஆனால் அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை நிறுவனத்தின் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முடிந்த கணத்திலிருந்து அதே கோப்பு பகல் பங்கைத் தின்னத் தொடங்கும், யாரும் தட்டி எழுப்பிச் சொல்லமாட்டார்கள்.

அளவுக் கணக்கும் கொஞ்சம் விலகும். வின்டோஸ் 11இன் ஐ.எஸ்.ஓ. கோப்பு பதிப்பைப் பொறுத்து 5 ஜிபிக்கு மேலே தொடங்கி 7 ஜிபியைத் தாண்டியும் போகிறது. கணக்குக்காக 6 என்று வைத்துக்கொள்வோம். வின்டோஸ் காட்டும் 1 ஜிபி 1024இன் கணக்கில் வருவது. ஆயிரத்தின் கணக்கில் பார்த்தால் அந்த 6 ஏறக்குறைய 6.4 ஆகிவிடும். கோப்பு துண்டு துண்டாகத்தான் பயணம் செய்கிறது, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரித் தகவல் ஒட்டியிருக்கும், அதற்கு ஒரு 3 சதவீதம். ஆகவே 6 என்று திரையில் தெரியும் கோப்புக்கு 7 ஜிபி ஒதுக்கினால் நிம்மதி. நேரத்தையும் பார்த்துவிடலாம். செக்கனுக்கு 4 மெகாபிட் வேகம் நிலையாகக் கிடைத்தால் ஏறக்குறைய மூன்றே முக்கால் மணித்தியாலம். 2 மெகாபிட்தான் என்றால் ஏழரை மணித்தியாலம், அதாவது ஒரே இரவில் முடியாது. இந்த வேறுபாடுதான் பின்னால் சொல்லப்போகும் முறையைத் தீர்மானிக்கிறது.

ஒரு பைட்டும் இறக்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்காவிட்டால் அந்த 7 ஜிபியும் வீண். முதலாவது, லெப்டொப் வின்டோஸ் 11ஐ ஏற்குமா என்பது. TPM 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. மைக்ரோசொஃப்டின் PC Health Check என்ற சிறிய செயலி ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். இல்லை என்று சொன்னால் இந்தப் பதிவின் மீதி உங்களுக்கு வேண்டாம். வின்டோஸ் 10க்கான நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் 2026 ஒக்டோபர் 13 வரை சேர மைக்ரோசொஃப்ட் வழி வைத்திருக்கிறது. Windows Update பக்கத்திலேயே அதற்கான பதிவு தெரியும், அந்த மாதாந்த அப்டேட்டுகள் முழு வின்டோஸைவிட மிகச் சிறியவை. இரண்டாவது, மொழி. இதைத் தவறவிட்டு இரண்டு முறை இறக்குவது நடக்கக்கூடிய விஷயம். மைக்ரோசொஃப்டின் பக்கத்தில் ஆங்கிலம் இரண்டு வகையாக இருக்கும்: English (United States), English International. லெப்டொப்பில் இருப்பது ஒன்று, இறக்கியது மற்றது என்றால் நிறுவும்போது செயலிகளையும் அமைப்புகளையும் வைத்துக்கொண்டு மேம்படுத்தும் தெரிவு கிடைக்காது. நிர்வாகி உரிமையோடு திறந்த Command Prompt இல் இதை அடித்தால் தெரிந்துவிடும்:

```
dism /online /get-intl
```

வரும் விடையில் Default system UI language என்ற வரியில் en-US என்றிருந்தால் முதலாவது, en-GB என்றிருந்தால் இரண்டாவது.

அடுத்தது லெப்டொப்பை அமைதியாக்குவது. வைஃபையில் வரும் ஹொட்ஸ்பொட்டை வின்டோஸ் வீட்டு ஃபைபர் இணைப்பு போலவே நினைத்து நடந்துகொள்ளக்கூடும். Settings இல் Network & internet போய், இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தில் Metered connection என்பதை இயக்கினால்தான் இது அளந்து கொடுக்கப்படும் டேட்டா என்று அதற்குப் புரியும். அதன்பின் பெரிய அப்டேட்டுகள் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும், ஒன்டிரைவ் ஒத்திசைவை நிறுத்திவைக்கும். இந்த அடையாளம் அந்த ஹொட்ஸ்பொட்டின் பெயருக்கு மட்டுமே உரியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாளை தம்பியின் போனில் இணைத்தால் மறுபடி இயக்க வேண்டும். போனின் பெயரை மாற்றினாலும் அப்படித்தான். யூ.எஸ்.பி. வயரில் இணைத்தால் அது Ethernet என்று தனியாக வரும், அங்கேயும் தனியாக இயக்க வேண்டும். சில போன்களில் ஒவ்வொரு முறை வயரைச் செருகும்போதும் புதிய இணைப்பாகவே தெரியும். அதோடு Settings க்குள் Delivery Optimization என்று ஒன்று இருக்கிறது. அதில் இணையத்திலுள்ள மற்றக் கணினிகளுடனும் பகிர்வதாக இருந்தால், நீங்கள் காசு கொடுத்து இறக்கிய துண்டுகளை உங்கள் லெப்டொப் வெளியே அனுப்பக்கூடும். ஏற்றுமதியும் டேட்டாதான். அதை அணைத்துவிடுங்கள்.

Metered போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்பவர்களுக்கு ஒரு மறுப்பு உண்டு. அது ஒரு வேண்டுகோள் மட்டுமே, கதவல்ல. வின்டோஸின் சொந்தப் பகுதிகள் பெரும்பாலும் மதிக்கும். வின்டோஸுமே மிக அவசியம் என்று நினைக்கும் சிலவற்றை இறக்கிக்கொள்ளும். உலாவி அதைப் பார்ப்பதில்லை. கூகுள் டிரைவ், கேம் செயலிகள், சில அன்டிவைரஸ்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆகவே நம்பாமல் அளந்து பார்ப்பதே சரி. வேலையைத் தொடங்கும் முன் போனின் டேட்டா பாவனைப் பக்கத்தில் ஹொட்ஸ்பொட்டுக்கான எண்ணைக் குறித்துக்கொண்டு, லெப்டொப்பில் எதையும் திறக்காமல் பத்து நிமிடம் இணைத்து வைத்திருந்து மறுபடி பாருங்கள். ஓரிரு எம்பி நகர்ந்திருந்தால் பரவாயில்லை. பல பத்து எம்பி போயிருந்தால் ஏதோ ஒன்று உறிஞ்சுகிறது. `resmon` என்று தேடித் திறந்து Network பகுதியைப் பார்த்தால் எந்தச் செயலி என்று பெயரோடு தெரியும். அதை மூடிவிட்டு இன்னொரு பத்து நிமிடம். இந்த இருபது நிமிடத்துக்குச் சோம்பல்படுவதால் இழக்கப்படும் டேட்டா அப்டேட்டின் அளவையே எட்டிவிடலாம், ஏனென்றால் இரவு முழுவதும் இணைப்பு திறந்து கிடக்கப்போகிறது.

உண்மையான கதவு போனில் இருக்கிறது. அன்ட்ரொய்டின் டேட்டா பாவனைப் பகுதியில் எச்சரிக்கை என்றும் வரம்பு என்றும் இரண்டு உண்டு. எச்சரிக்கை வெறும் செய்தி. வரம்பை இயக்கினால் அந்த அளவைத் தொட்டதும் போன் மொபைல் டேட்டாவையே நிறுத்திவிடும், ஹொட்ஸ்பொட்டும் அதோடு நின்றுவிடும். வின்டோஸிலும் டேட்டா வரம்பு போடும் இடம் இருக்கிறது, ஆனால் அது எச்சரிப்பதற்கும் பின்னணி வேலையைக் குறைப்பதற்கும்தான். ஆகவே வரம்பைப் போனில் வையுங்கள். அங்கே சுழற்சி தொடங்கும் திகதி பொதுவாக மாதத்தின் முதலாம் திகதியாக இருக்கும், நம் முற்கொடுப்பனவு பெக்கேஜ் ரீலோட் போட்ட நாளிலிருந்து ஓடும். அதை மாற்றாவிட்டால் போன் சொல்லும் எண்ணுக்கும் நிறுவனத்தின் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. நிறுவனத்தின் செயலி காட்டும் மீதிதான் இறுதியானது. ஆனாலும் அது சற்றுத் தாமதமாகப் புதுப்பிக்கப்படலாம் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போனின் எண்ணையே நம்ப வேண்டும்.

இப்போது இறக்கும் வேலை. வின்டோஸ் 11 தரவிறக்கப் பக்கத்தில் x64 கணினிகளுக்கான ஐ.எஸ்.ஓ.வைத் தெரிவுசெய்து, மொழியையும் தெரிவுசெய்தால் ஓர் இணைப்பு கிடைக்கும், 24 மணித்தியாலம் மட்டும் செல்லும். பொத்தானை அழுத்தி உலாவியிலேயே இறக்கலாம்தான். நகரத்து ஃபைபரில் அதுவே போதும். மலையில் சிக்னல் நடுவில் போகும், மின்சாரமும் போகும், பக்கத்து லயத்தில் நாலு கோடு காட்டும் போன் இந்த லயத்தில் ஒன்றைக் காட்டும். உலாவியில் 4 ஜிபி வந்தபின் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்கும் ஆபத்து உண்டு. அந்த 4 ஜிபிக்குத் திரும்பக் காசு வராது. விட்ட இடத்திலிருந்து தொடரும் `curl` என்ற கருவி வின்டோஸ் 10இலேயே உள்ளது. உலாவியில் தொடங்கிய தரவிறக்கத்தை உடனே நிறுத்திவிட்டு, அதன் இணைப்பு முகவரியைப் பிரதிசெய்து, சாதாரணமாகத் திறந்த Command Prompt இல் இப்படி அடிக்க வேண்டும்:

```
curl.exe -f -L -C - -m 18000 -o win11.iso "LINK"
```

LINK என்ற இடத்தில் முகவரி, மேற்கோள் குறிகளுக்குள்ளேயே இருக்க வேண்டும். `-C -` என்பதுதான் உயிர்: win11.iso ஏற்கெனவே எவ்வளவு வந்திருக்கிறதோ அதற்கு அடுத்த பைட்டிலிருந்து கேட்கும். `-m 18000` என்பது 18,000 செக்கனில், அதாவது 5 மணித்தியாலத்தில், தானாக நிறுத்திக்கொள் என்பது. இரவு டேட்டா ஆறு மணித்தியாலம் என்றால் அரைமணி கழித்துத் தொடங்கி, அரைமணி மிச்சம் வைத்து நின்றுவிடும். காலை ஆறு மணிக்கு எழுந்து நிறுத்த ஓடவேண்டியதில்லை. சிக்னல் போய் அறுந்தாலும் அதே கட்டளையை மறுபடி அடித்தால் போதும். நேரம்தான் போயிருக்கும், டேட்டா போயிருக்காது. மறுநாள் இணைப்பு காலாவதியாகியிருந்தால் அதே பதிப்புக்கும் அதே மொழிக்கும் புதிய இணைப்பு எடுத்து அதே கோப்புப் பெயரோடு தொடரலாம். இடையில் மைக்ரோசொஃப்ட் புதிய பதிப்பை வைத்திருந்தால் மட்டும் இரண்டு பாதிகளும் பொருந்தாது. ஆகவே இந்த வேலையை அடுத்தடுத்த இரவுகளில் முடிப்பது நல்லது, இரண்டு வாரத்துக்கு இழுக்கக் கூடாது.

போனை எங்கே வைப்பது என்பதும் இதில் சேரும். லயத்துச் சுவர் தடித்தது, கூரை தகரம். உள்ளறையில் சிக்னல் செத்துவிடும். வைஃபைக்கு அந்தத் தூரம் பெரிதல்ல. போனை டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் வைத்து, சார்ஜரில் போட்டு, லெப்டொப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் வைத்தால் சுவரைத் தாண்டி வரும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூடியது என்றாலும் இங்கே தடை டவருக்கும் போனுக்கும் இடையில்தான், போனுக்கும் லெப்டொப்புக்கும் இடையில் அல்ல. லெப்டொப் தூங்கிவிடாமல் Power அமைப்பில் Sleep ஐ Never ஆக்கி, மூடியைத் திறந்தே வையுங்கள். அது தூங்கினால் சற்று நேரத்தில் ஹொட்ஸ்பொட்டும் யாரும் இல்லை என்று தானாக அணைந்துவிடும்.

முழுக் கோப்பும் வந்ததும் அது சரியானதா என்று பார்ப்பதற்கு டேட்டா செலவே இல்லை:

```
certutil -hashfile win11.iso SHA256
```

வரும் நீண்ட எழுத்துத் தொடரை, தரவிறக்கப் பக்கத்திலேயே ஒவ்வொரு மொழிக்கும் தந்திருக்கும் தொடரோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் எத்தனை முறை அறுந்து வந்திருந்தாலும் கோப்பு முழுமையானது. பொருந்தாவிட்டால் நிறுவிப் பார்த்துப் பாதியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் வரும். Windows Update வழியாகவே போனால் லெப்டொப்புக்குத் தேவையானது மட்டும் வரும், முழு ஐ.எஸ்.ஓ.வைவிடக் குறைவாகவே இறங்கும், பிறகு ஏன் இந்தச் சுற்றுவழி? ஒரேயொரு லெப்டொப், நிலையான சிக்னல், பொதுப் பங்கில் தாராள மீதி என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்த வழியில் இறங்குவது அந்த லெப்டொப்போடு முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அது உதவாது. மூன்று லெப்டொப் தலா 4 ஜிபி எடுத்தால் 12 ஜிபி. ஐ.எஸ்.ஓ. ஒருமுறை 7 ஜிபி, பிறகு பென் டிரைவில் பத்துப் பேருக்கும் போகலாம். ஒவ்வொரு லெப்டொப்பும் தன் சொந்த உரிமத்தையே பாவிப்பதால் கோப்பைப் பகிர்வதில் தவறில்லை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், ஒரே கோப்பை லயத்துக்கு மூன்று தடவை காசு கொடுத்து வாங்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ரீலோட் செலவைப் பேர் பிரித்துப் பகிர்ந்தால் இன்னும் நல்லது. பென் டிரைவில் பிரதி செய்யும்போது கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுத்தால், டிரைவ் FAT32 வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. உள்ளே இருப்பவற்றை வேறெங்காவது எடுத்துவைத்துவிட்டு exFAT ஆக ஃபோர்மட் செய்தால் ஏற்கும். எந்த லெப்டொப்புக்குக் கொடுத்தாலும் மொழிச் சோதனையை அங்கேயும் செய்ய வேண்டும்.

ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு கொமியூனிகேஷன் கடையிலோ ஃபைபர் உள்ள உறவினர் வீட்டிலோ இறக்கலாமே என்பது இன்னொரு வாதம். தாராளமாக. ஐ.எஸ்.ஓ. முறையின் பலமே அது எங்கே இறங்கினாலும் ஒன்றுதான் என்பது. டவுனில் நம்பகமான ஒருவர் இருந்தால் பென் டிரைவை மட்டும் கொடுத்துவிடலாம், லெப்டொப்பைச் சுமக்கத் தேவையில்லை. கடையிலிருந்து வந்த கோப்பை மட்டும் மேலே சொன்ன `certutil` சோதனை இல்லாமல் ஓட்டாதீர்கள். அப்டேட்டே வேண்டாம், இருப்பது ஓடுகிறதே என்பவர்களுக்கும் அதே பென் டிரைவைத்தான் காட்டுவேன். பயிற்சி ஒப்படை அச்சிடக் கடைக்கும் கல்லூரிக்கும் நண்பர் வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் டிரைவ்தான் இங்கே வைரஸின் பாதை. இணையம் குறைவாகப் பாவிப்பதால் ஆபத்து குறைவு என்ற கணக்கு இந்த வழியைச் சேர்த்துக்கொள்வதில்லை.

நிறுவும்போது ஓர் இடத்தில் டேட்டா மறுபடி நழுவும். ஐ.எஸ்.ஓ.வை இரட்டைச் சொடுக்கில் திறந்து setup.exe ஐ ஓட்டியதும் வரும் முதல் திரையில் Change how Setup downloads updates என்று சிறிதாக ஒரு வரி இருக்கும். அதை அழுத்தி Not right now என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால், நிறுவுவதற்கு முன்பே புதிய அப்டேட்டுகளைத் தேடிப் போய்விடும். வேண்டுமானால் அந்த நேரத்தில் ஹொட்ஸ்பொட்டையே அணைத்துவிடலாம். வந்துசேர்ந்த கோப்பு போதும், மேம்படுத்தலுக்கு இணையம் தேவையில்லை. முடிந்து வின்டோஸ் 11 திறந்ததும், மறுபடி இணைக்கும்போது Metered connection இன்னும் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதன் பிறகும் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒன்று காத்திருக்கும், அதுவே பல நூறு எம்பி அல்லது அதற்கு மேல் இருக்கலாம். மைக்ரோசொஃப்ட் அவற்றை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது, நமக்கு அது பெரும்பாலும் புதன் காலை கண்ணில் படும். Windows Update இல் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கும் வசதி இருப்பதால், பெக்கேஜ் முடிவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர், எப்படியும் காலாவதியாகப்போகும் மீதி டேட்டாவில் அதை இறக்கிக்கொள்ளலாம்.